சிறுகதை உதவி: தாத்தா பேத்தியின் இயர்பட்டில் பழைய பாட்டைக் கேட்கிறார், அந்த இடம் மட்டும் பொய்யாக இருக்கிறது

ஈசூன் வாசுகி
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன், முக்கால்வாசி முடிந்துவிட்டது. கதை சின்னதுதான். ராமையாவுக்கு 78 வயது, 1946ல் பிறந்தவர், செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். பேத்தி யாழினி உயர்நிலை நான்கு படிக்கிறாள். இரண்டு பேரும் பலதுறை மருந்தகத்தில் எண் வரக் காத்திருக்கிறார்கள். பேத்தி கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள், தாத்தா என்னவென்று கேட்கிறார், அவள் ஒரு குறுங்காணொளியைக் காட்டுகிறாள், அதன் பின்னணியில் ஒரு பழைய பாட்டின் முதல் வரி வருகிறது. "அந்தப் பாட்டு முழுசா இருக்கா?" என்று கேட்டு இயர்பட்டை வாங்கிக் காதில் வைக்கிறார். பதினேழு வயதில் அவர் கேட்ட பாட்டு.

இதுவரைக்கும் சரி. அடுத்த பத்தியில்தான் சிக்கல். இப்போது இருப்பது இது:

> காதில் ஏறியதும் அந்தக் குரல் தேனாய்ப் பாய்ந்தது. அறுபது வருடம் ஒரு நொடியில் கரைந்தது. ராமையாவின் கண்கள் குளமாயின.

படித்தால் எனக்கே ஒட்டவில்லை. அவருக்கு உண்மையில் என்ன கேட்கும்? வயதானவர்களோடு இருப்பவர்கள், அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கருப்புமை
இந்த மூன்று வரியில் எந்தப் பாட்டை வைத்தாலும் பொருந்தும், எந்தத் தாத்தாவை வைத்தாலும் பொருந்தும், அதுதான் பிரச்சினை. முதலில் கண்ணீரை எடுங்கள். அவர் அந்தப் பாட்டை எங்கே நின்று கேட்டார், எதிலிருந்து கேட்டார் என்று முடிவு செய்யுங்கள். அது தெரியாதவரை இந்தப் பத்தி எழுந்து நிற்காது.

கதிர் தெம்பனிஸ்
ரீடிஃப்யூஷன் பெட்டி வையுங்கள் அக்கா. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சுவரில் அதுதானே தொங்கும், நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு ஓடும் என்று எங்கள் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். காது விஷயம் ஒன்றுமில்லை, வயசானால் சத்தம் குறைவாகக் கேட்கும், அவ்வளவுதான். பேத்தி சத்தத்தைக் கூட்டி வைத்தால் எல்லாம் தெளிவாகக் கேட்டுவிடும்.

தளத்துப் பிள்ளை
தம்பி கதிர், பெட்டி இருந்தது உண்மை. 1949ல் வந்தது, கம்பி வழியாக வீட்டுக்கு வரும், மாதாமாதம் காசு கட்ட வேண்டும். ஆனால் அதற்குப் பேர் வாங்கித் தந்தது சீன வட்டார மொழிக் கதைகள்தான். லீ டாய் சோர் என்பவர் கான்டனீஸில் கதை சொன்னால் காப்பிக் கடையே கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு அதில் நான் கேட்டதில்லை. நமக்குத் தமிழ் என்றால் ரேடியோ மலாயா, 1959லிருந்து ரேடியோ சிங்கப்பூர். அதுவும் குறிப்பிட்ட நேரம்தான், அந்த நேரத்துக்குக் காத்துக் கிடப்போம்.

வாசுகிம்மா, நானும் தளத்துக்காரன்தான், உங்கள் ராமையா வயதுதான் எனக்கும். எங்களுக்குப் பாட்டு வந்த வழி மூன்று. ஒன்று வானொலி. இன்னொன்று சோங் பாங் பக்கம் சுல்தான் திரையரங்கு. மூன்றாவது, யாராவது ஒருத்தர் வைத்திருக்கும் கிராமபோன். உங்கள் கதைக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அதில் கைக்கு வேலை உண்டு. வானொலியை வெறுமனே கேட்கலாம். கிராமபோனுக்குச் சாவி கொடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

தட்டைத் திருப்புவதுதான் முக்கியம். அந்தக் கனமான தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிடம்தான் பிடிக்கும். ஐம்பதுகளில் வந்த நீளமான சினிமாப் பாட்டு பலதும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இருக்கும். பல்லவி, ஒரு சரணம் முடிந்ததும் ஊசி உள்வட்டத்தில் போய் 'சர்ர் சர்ர்' என்று சுற்றும். கையைத் தூக்கி, தட்டைத் திருப்பி, திரும்ப வைத்தால்தான் மீதிப் பாட்டு. இன்றைக்கும் அப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால் அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன், பாட்டு நிற்காமல் ஓடிவிடும்.

ஈசூன் வாசுகி
ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். ராமையாவுக்கு ஒரு தையல்கடை கொடுக்கப் போகிறேன். கடைக்காரரிடம் கிராமபோன், அதைத் திருப்பும் வேலை பையனுக்கு. 1963ல் ஒரு தையல்கடையில் சாவி கொடுக்கும் பெட்டி இருந்திருக்குமா? ரொம்பப் பழசாகிவிடாதா?

தளத்துப் பிள்ளை
இருக்கும். கரண்டில் ஓடும் ரேடியோகிராம் வசதியானவர்கள் வாங்கினார்கள். பழைய பெட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை, கடைக்கோ தம்பிக்கோ போகும். பாட்டும் 1963ல் வந்ததாக இருக்கக் கூடாது, பத்து வருடம் முந்தியதாக இருக்கட்டும். கடையில் இருக்கும் தட்டு பழசாகத்தான் இருக்கும், ஏழெட்டுத் தட்டுதான், அதையேதான் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

இன்னொன்று, சாவி தளர்ந்தால் தட்டு மெதுவாகும், பாடுகிறவர் குரல் கீழே இறங்கும். பையன் ஓடிப் போய்ச் சாவி கொடுத்தால் குரல் மேலே ஏறும். இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேணுகா புக்கிட் பாத்தோக்
வணக்கம் சிஸ். பெரியவர்களுக்குக் காதுக்குள் நுழைக்கிற மாதிரி வாங்காதீர்கள், கழுத்தில் மாட்டுகிற மாதிரி வாங்குங்கள், விழுந்தால் தொலையாது. என் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த முதல் ஜோடியில் ஒன்று எம்ஆர்டியில் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே போய்விட்டது. பட்ஜெட் எவ்வளவு?

ஈசூன் வாசுகி
ரேணுகா, இது கதைக்கான கேள்விங்க, நிஜத்தில் வாங்கவில்லை :) ஆனால் அப்பா பாட்டுக் கேட்பாரா? எப்படிக் கேட்கிறார்?

ரேணுகா புக்கிட் பாத்தோக்
ஓ சரி சரி. அப்பாவுக்குக் கேட்கும் கருவி இருக்கிறது, இரண்டு காதிலும். அதை வைத்துக்கொண்டு பேச்சு நன்றாகக் கேட்கிறது, பாட்டுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. புல்லாங்குழல் வந்தால் "தண்ணிக்குள்ள இருந்து ஊதுறான்" என்கிறார். கருவியைக் கழற்றிவிட்டுப் பழைய டேப் ரிக்கார்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று எங்களுக்குப் புரியவே இல்லை. புதுக் கருவிதான், விலையும் அதிகம்.

செவிவழி
நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன், அதனால் காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ரேணுகா அப்பா. கேட்கும் கருவி பேச்சுக்காகச் செய்தது. பேச்சு விட்டு விட்டு வரும், புல்லாங்குழலும் வயலினும் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பைக் கருவி தன்னுடைய சொந்த 'கீ' சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும், அதனால்தான் தண்ணீருக்குள் இருந்து ஊதுவது போல நடுங்குகிறது. பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, அடுத்த முறை போகும்போது கேளுங்கள், போட்டுக் கொடுப்பார்கள். அப்பா சொன்ன குறை கற்பனை இல்லை.

இப்போது ராமையா. கதிர் சொன்னது பாதி சரி. வயதானால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறையாது. கீச்சென்ற மேல் பக்கத்து ஒலிகள்தான் முதலில் போகும், கட்டையான கீழ் பக்கத்து ஒலிகள் ரொம்ப நாள் நிற்கும். 'ஆ', 'ஓ' எல்லாம் கீழே, பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி. 'ஸ', 'ச', 'ப', 'த', 'க' இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் 2000க்கு மேலே. அதனால்தான் வயதானவர்கள் "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்பார்கள். சத்தத்தைக் கூட்டினால் கேட்காதது கேட்டுவிடாது, கேட்பதுதான் இன்னும் பெரிசாகும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் திடீரென்று காதைக் குத்தும். "சத்தமா பேசு" என்று சொன்னவரே அடுத்த நிமிடம் "ஏன் கத்துற" என்று கோபித்துக்கொள்வது அதனால்தான். எங்களிடம் வருகிற குடும்பங்களில் இதை வைத்து எத்தனை சண்டை!

இனிமேல்தான் உங்கள் கதைக்கு உதவும் விஷயம். பழைய பாட்டில் அந்த மேல் பக்கமே பெரிதாகக் கிடையாது. சாவி கொடுக்கும் கிராமபோன் 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லும்படி எதையும் தராது. ராமையா பதினேழு வயதில், நல்ல காதோடு, அந்தக் கடையில் கேட்டபோதே அவ்வளவுதான் வந்தது. இப்போது அவர் காதில் எது போய்விட்டதோ அது அன்றைக்கே அந்தப் பாட்டில் இல்லை. புதுப் பாட்டு ஒன்றைப் போட்டால் பாதி அவருக்குப் போய்ச் சேராது. இந்தப் பாட்டு கிட்டத்தட்ட முழுசாகப் போய்ச் சேரும். மெய்யெழுத்து ஒன்றிரண்டு தவறினாலும் மனப்பாடமாகத் தெரிந்த வரி என்பதால் மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்ளும், கேட்டதாகவே அவர் நம்புவார்.

அப்புறம் பழைய தட்டிலிருந்து எடுத்த பதிவில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் விடாமல் இருக்கும். அதில் பெரும்பங்கு மேல் பக்கத்தில். பேத்திக்கு அதுதான் முதலில் கேட்கும். தாத்தாவுக்கு அநேகமாகக் கேட்கவே கேட்காது.

கருப்புமை
"அவர் காதில் எது போய்விட்டதோ அது அன்றைக்கே அந்தப் பாட்டில் இல்லை." வாசுகி, கதை இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதை விளக்கமாக எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேத்திக்கு இரைச்சல் கேட்கிறது, தாத்தாவுக்குக் கேட்கவில்லை, இரண்டு வரிப் பேச்சு போதும்.

ஈசூன் வாசுகி
செவிவழி, ரொம்ப நன்றி. அப்படியென்றால் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால்தானே இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுப் பேச முடியும்? நான் இரண்டையும் தாத்தாவுக்குக் கொடுத்திருந்தேன்.

பூனைக்குட்டி
நான் பாலிடெக்னிக்கில் ஒலி சம்பந்தப்பட்ட படிப்பு படிக்கிறேன். ஆளுக்கு ஒன்று என்றால் இந்தப் பாட்டுக்கு நஷ்டமே இல்லை அக்கா. இப்போதைய பாட்டு ஸ்டீரியோ, கிதார் இடது பக்கம், கோரஸ் வலது பக்கம் என்று பிரித்திருப்பார்கள், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சிலது காணாமல் போகும். பழைய பாட்டு மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான். தாத்தாவுக்கும் பேத்திக்கும் துல்லியமாக ஒரே பாட்டு.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வெளியிட்டபோது சில மோனோ பாட்டுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ மாதிரி மாற்றியிருக்கிறார்கள், கீழ் ஒலி ஒரு பக்கம் தூக்கலாக, மேல் ஒலி இன்னொரு பக்கம். அந்தப் பதிப்பு கிடைத்து, மேல் ஒலிப் பக்கம் தாத்தாவிடம் போனால் அவருக்குச் சன்னமாகத்தான் கேட்கும். பக்கத்தை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். அதுவே ஒரு காட்சியாக வரலாம்.

அப்புறம் இன்னொரு யோசனை, சொன்னால் திட்டாதீர்கள். பல இயர்பட்டில் வெளிப்பக்கம் தொட்டால் பாட்டு நிற்கும். பழக்கமில்லாதவர்கள் "விழப்போகுது" என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். தாத்தா அப்படித் தொட, பாட்டு நடுவில் நிற்கிறது. அவர் தட்டைத் திருப்பும் இடம் என்று நினைத்துக் காத்திருக்கிறார்.

தளத்துப் பிள்ளை
பாப்பா, இது அருமை. கை தானாகவே போகும். எனக்குப் போகும்.

கருப்புமை
எனக்குச் சம்மதமில்லை. பாட்டு சரியாக அந்த இடத்தில், அந்த வினாடியில் நிற்கிறது என்றால் எழுதுகிறவர் கை தெரிகிறது. ஐயா முதலில் சொன்னதுதான் பலமானது: பாட்டு நிற்கவில்லை, அவர் மட்டும் நிற்கிறார். கருவியின் உதவியே தேவையில்லை.

பூனைக்குட்டி
சரியாக அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று இல்லையே. வேறெங்கோ நிற்கட்டும், "இங்க இல்லையே" என்று அவர் சொல்லட்டும்.

செவிவழி
நடைமுறையில் ஒரு சந்தேகம். வயதானவர்கள் விரல் உலர்ந்திருக்கும், தொட்டால் கருவிக்குத் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். காம்பைக் கிள்ளினால்தான் நிற்கிற வகையும் உண்டு, அதில் சும்மா தொட்டால் ஒன்றும் ஆகாது. எந்த வகை என்று எழுத வேண்டாம், ஆனால் நீங்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதுங்கள். ராமையாவிடம் கேட்கும் கருவி இருக்கிறதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். இருந்தால் அந்தக் காதில் முதலில் அதைக் கழற்றணும், கழற்றிச் சட்டைப் பையில் போடணும், கையால் மூடினால் அது 'கீ' என்று கத்தும்.

கதிர் தெம்பனிஸ்
கருவி இல்லாமலே வையுங்கள், பக்கம் மிச்சம். எந்தப் பாட்டு என்று சொல்லப் போகிறீர்களா? இரண்டு வரி போட்டால் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பழைய பாட்டுதானே, உரிமை எல்லாம் முடிந்திருக்கும்.

கருப்புமை
முடிந்திருக்காது. எழுதியவர் இறந்த பிறகு சிங்கப்பூரில் 70 வருடம், இந்தியாவில் 60 வருடம். ஐம்பதுகளில் எழுதிய கவிஞர்கள் அநேகரும் அதற்குப் பிறகு பல வருடம் வாழ்ந்தவர்கள். வட்டத்தில் வாசிப்பதற்கு யாரும் கேட்க மாட்டார்கள், அச்சில் வந்தால் அனுமதி வாங்கணும்.

ரேணுகா புக்கிட் பாத்தோக்
எனக்குப் பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லாவிட்டால் ஏமாற்றின மாதிரி இருக்கும். என் அப்பா பாட்டைச் சொல்லும்போது படம், பாடினவர், யார் கூட எங்கே போய்ப் பார்த்தார் எல்லாம் சேர்த்துத்தான் சொல்வார். பேர் தெரியாத பாட்டுக்கு யார் அழுவார்கள்?

ஈசூன் வாசுகி
இதில் எனக்கும் இன்னும் தெளிவில்லை, ரேணுகா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போதைக்குப் பேர் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். பக்கங்களை மாற்றும் காட்சியை விட்டுவிட்டேன், தொட்டு நிற்பதையும் வைக்கவில்லை. புதுப் பத்தி:

> யாழினி ஒன்றைத் தாத்தாவின் வலது காதில் வைத்தாள், மற்றதைத் தன் காதில். முதலில் வயலின்கள் வந்தன, பிறகு குரல்.
>
> "ரொம்ப இரைச்சலா இருக்கே தாத்தா. வேற பதிவு தேடட்டா?"
>
> "இரைச்சலா? எங்க?"
>
> "ஸ்ஸ்ஸ்னு. பாட்டு பூரா."
>
> ராமையா தலையைச் சாய்த்துக் கேட்டார். வயலின், குரல், தபலா. வேறொன்றுமில்லை. "தையக்காரர் கடையிலயும் இப்படித்தான் கேட்டுச்சு," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. எதிர் வரிசையில் இருந்த மலாய்க்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.
>
> குரல் இறங்கவே இல்லை. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும், சாவி கொடுத்தாக வேண்டும். சரணம் முடிந்தது. ராமையாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ விளிம்பில் பிடித்துத் தூக்குவதுபோல் நின்றது. பாட்டு அவரை விட்டுவிட்டு அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது.
>
> "தாத்தா, என்ன வேணும்?"
>
> "இரும்மா. திருப்பிப் போடணும்."

செவிவழி
இரைச்சல் இடம் சரியாக வந்திருக்கிறது. "தேவைக்கு மேல் சத்தமாக" என்பதும் சரி, காதில் பாட்டு ஓடும்போது தன் குரலை மதிப்பிட முடியாது, எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள். ஒரே ஒரு திருத்தம். பதிவில் 'டப் டப்' என்று கீறல் சத்தமும் இருந்தால் அது அவருக்கும் கேட்கும், அது எல்லா ஒலியிலும் பரவியிருக்கும். நீங்கள் 'ஸ்ஸ்ஸ்' என்று மட்டும் எழுதியிருப்பதால் பிரச்சினை இல்லை, கீறலைச் சேர்த்துவிடாதீர்கள்.

தளத்துப் பிள்ளை
வாசுகிம்மா, கை சரி, ஆனால் வரிசை கொஞ்சம் மாறணும். முதலில் ஊசிக் கையைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தட்டு. ஊசி மேலே இருக்கும்போது தட்டைப் பிடித்தால் கீறிவிடும், தையல்காரரிடம் அறை வாங்குவான் பையன். ஆகவே முதலில் இரண்டு விரல் கிள்ளிப் பிடிக்கிற மாதிரி, அடுத்தது இரண்டு உள்ளங்கையும் விளிம்பில். தட்டை ஒரு கையால் தூக்க மாட்டோம், விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஊசியும் மாற்றணும், இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பது கணக்கு. காசு மிச்சம் பிடிக்கிற கடையில் நாலு பக்கம் ஓட்டுவார்கள், அதனால்தான் தட்டு சீக்கிரம் தேயும்.

கருப்புமை
இரண்டு கையும் எழுந்தால் இன்னும் நல்லது. இடது கையில் மருந்தகத்து எண் சீட்டு இருக்கிறதே, அதை என்ன செய்வார்?

பூனைக்குட்டி
எனக்கு இன்னும் அந்தத் தொட்டு நிற்பது வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. சரி, உங்கள் கதை.

ரேணுகா புக்கிட் பாத்தோக்
செவிவழி அக்கா, இசை அமைப்பு பற்றிச் சொன்னீர்களே, அதை நாங்களே கைப்பேசிச் செயலியில் மாற்றலாமா, கருவி வாங்கின இடத்துக்குத்தான் போகணுமா? வாசுகி, பாட்டுப் பேரைப் பற்றி மறுபடியும் யோசியுங்கள்.

செவிவழி
செயலி உள்ள கருவி என்றால் அதில் இசை என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கின இடத்தில்தான் போட்டுத் தர வேண்டும். போகும்போது அப்பா கேட்கிற பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துப் போங்கள், புல்லாங்குழல் இழுத்து வரும் இடமாக இருக்கட்டும். அங்கேயே போட்டுக் காட்டி அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஈசூன் வாசுகி
ஐயா சொன்ன வரிசைப்படி கையை மாற்றி எழுதிவிட்டேன், முதலில் கிள்ளிப் பிடிக்கிறார், பிறகு இரண்டு உள்ளங்கை. எண் சீட்டு கீழே விழுகிறது, யாழினி எடுக்கிறாள். பேர் விஷயம் வட்டத்தில் வாசித்துப் பார்த்து, கேட்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வந்து சொல்கிறேன். ஐயா, ஒரே ஒரு கேள்வி பாக்கி: தேய்ந்த ஊசியை என்ன செய்வீர்கள்? தூக்கிப் போடுவீர்களா?

தளத்துப் பிள்ளை
தகர டப்பாவில் போட்டு வைப்போம். புது ஊசி தீர்ந்து, வாங்கக் காசு இல்லாத மாதக் கடைசியில் அதிலிருந்தே ஒன்றை எடுத்து, திருப்பி மாட்டி, ஓட்டுவோம். பாட்டு கொஞ்சம் கரகரக்கும்.